கைப்பட எழுதும் ரசீது: யார், எவ்வளவு, எதற்காக, இனி எவ்வளவு?

(தென்காசியில் மஃரிபுக்குப் பின் நடந்த குடும்ப நல ஆலோசனைக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு துண்டுச் சீட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சமாதானம் பேசச் சொல்லி இரண்டு குடும்பங்கள் எங்களிடம் கொண்டுவந்த சீட்டு அது. இரு தரப்பாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறோம்.

ஒருவர் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் சிப்ஸ், அல்வா, பழம் விற்கிற கடை வைத்திருக்கிறார். கடை அவருடைய சொந்தம் அல்ல. தென்காசியில் இருக்கும் சொந்தக்காரப் பெரியவர் ஒருவருடையது. மாத வாடகை ஐயாயிரம் ரூபாய். 2024 ஜனவரியில் சரக்குப் போட என்று அந்தப் பெரியவரிடமே பதினைந்தாயிரம் ரூபாய் கைமாற்றும் வாங்கியிருந்தார். பிறகு ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாத வாடகையும் நின்றுபோனது. ஆக, வாடகை இருபதாயிரம், கைமாற்று பதினைந்தாயிரம், மொத்தம் முப்பத்தைந்தாயிரம் கொடுக்க வேண்டும்.

சாரல் நன்றாக இருந்து வியாபாரமும் நடந்தது. ஆகஸ்டு 10-ஆம் தேதி இருபதாயிரம் ரூபாயைத் தன் தம்பி கையில் கொடுத்தனுப்பினார். பெரியவர் எண்ணி வாங்கிக்கொண்டு, நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:

786
10/8
தம்பியிடம் 20000 வாங்கிக்கொண்டேன். மீதி அடுத்த சீசனில்.
(கையெழுத்து)

அக்டோபரில் பெரியவர் மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். டிசம்பரில் அவருடைய பிள்ளைகள் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள். கடைக்காரர் இந்தச் சீட்டை எடுத்து வைத்து, "மச்சான், நாலு மாச வாடகையும் அன்னைக்கே குடுத்துட்டேன். கைமாத்து பதினஞ்சாயிரம்தான் பாக்கி" என்றார். பிள்ளைகள், "இல்ல மச்சான், ஜனவரியில வாங்குன கைமாத்துதான் முதல்ல கழியும். அதுக்குப் பதினஞ்சு போக மிச்சம் அஞ்சு ஒரு மாச வாடகைக்கு. இன்னும் மூணு மாச வாடகை பாக்கி நிக்குது" என்றார்கள்.

இரண்டு கணக்கிலும் பாக்கி பதினைந்தாயிரம்தான். ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் சண்டை என்று கேட்பீர்கள். கைமாற்றுப் பாக்கிக்காக யாரையும் கடையைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வாடகைப் பாக்கி என்றால் காலி செய்யச் சொல்ல வழி உண்டு. பிள்ளைகளில் ஒருவர் அந்தக் கடையைத் தாமே நடத்த விரும்பினார். எனவே பணம் எவ்வளவு என்பதைவிட அது எதற்காகக் கொடுத்தது என்பதுதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பைத் தீர்மானிக்கிற கேள்வியாக நின்றது. சீட்டோ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கருத்தில் இரு தரப்பும் நாணயமானவர்களே. யாரும் பொய் சொல்லவில்லை. எழுதியவர் மனதில் இருந்தது தாளில் இல்லாததால், படிக்கிறவர் ஒவ்வொருவரும் தம் மனதில் இருப்பதை அதில் படித்தார்கள்.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டோம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 59, 60, 61 என்று மூன்று பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடன் கொடுக்க வேண்டியவர், பணம் கட்டும்போது "இது இன்னதற்கு" என்று சொன்னால், வாங்குகிறவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை அதைக் காட்டினால் அதுவும் செல்லும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சூழ்நிலையும் காட்டவில்லை என்றால், வாங்கியவர் தம் விருப்பப்படி எந்தக் கடனுக்கும் வரவு வைத்துக்கொள்ளலாம். இருவருமே எதற்கென்று குறிக்கவில்லை என்றால், எந்தக் கடன் காலத்தால் முந்தியதோ அது முதலில் கழியும்.

இதை நம் சீட்டோடு பொருத்திப் பாருங்கள். கைமாற்று ஜனவரியில். வாடகை ஏப்ரலிலிருந்து. தாள் பேசாமல் இருந்தால் பழைய கடன் முதலில் கழியும் என்ற விதி பிள்ளைகள் சொன்ன கணக்குக்குத்தான் துணை நிற்கும். கடைக்காரர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. கொடுத்த தொகை நான்கு மாத வாடகைக்குச் சரியாகப் பொருந்துகிறது, அதுவே சூழ்நிலை என்று சொல்லலாம். வழக்காடினால் இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. அப்படியானால் பல வருடம் அலைய வேண்டியதுதான்.

இறுதியில் அது வழக்குக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இத்தாவில் இருந்த அந்தப் பெரியவரின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து, "அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது, கடை வாடகை முழுசும் வந்துருச்சுன்னு உங்க வாப்பா சொன்னாங்க" என்றார். பிள்ளைகள் உம்மாவின் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஆனால் அந்தப் பேச்சு அன்றிரவு நடக்காமல் போயிருந்தால்? அல்லது அவர் அதை மறந்திருந்தால்? ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஒரு வார்த்தையின் ஞாபகத்தில் தொங்கியது.

அதன் பிறகு அந்தச் சீட்டை எடுத்து, அன்று எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று உட்கார்ந்து திருத்தினோம். ஒவ்வொரு சொல்லாக வருவோம்.

முதலில் 'தம்பியிடம்' என்ற சொல். பெரியவர் கடைக்காரரையும் தம்பி என்றுதான் கூப்பிடுவார், பணம் கொண்டுவந்த அவருடைய தம்பியையும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்தத் தம்பிக்கும் பெரியவரோடு வேறு கொடுக்கல் வாங்கல் இருந்தது. ஆகவே இது அண்ணன் கணக்கா, தம்பி கணக்கா என்ற கேள்வியும் எழுந்தது. பணம் யாருடையது என்பதும், யார் கையால் வந்தது என்பதும் வேறு வேறு. இரண்டையும் எழுத வேண்டும். நம் தெருக்களில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனவே ஆதார் அட்டையில் உள்ளபடி பெயர், தந்தை பெயர், தெரு, ஊர் எல்லாம் வேண்டும். பட்டப்பெயரால்தான் ஊருக்குத் தெரியும் என்றால் அதையும் 'என்கிற' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது 'வாங்கிக்கொண்டேன்'. நம் பேச்சில் "அவரிடம் இருபதாயிரம் வாங்கினேன்" என்றால் கடன் வாங்கினேன் என்றும் பொருள் வரும். பெரியவர் அதைக் கடனாக வாங்கினார் என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் அந்தத் தாள் அதற்கும் இடம் கொடுக்கிறது. கொடுத்தவர் மௌத்தாகி அவருடைய வாரிசுகள் இதைப் படிக்க நேர்ந்தால் நேர் தலைகீழான கணக்கு பிறக்கும். ஆகவே 'எனக்கு வரவேண்டிய இன்ன தொகைக்கு வரவாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுத வேண்டும். 'வரவேண்டிய' என்ற ஒரு சொல் இருந்தால் அது கடன் அல்ல, பாக்கி வசூல் என்பது தெளிவாகிவிடும்.

மூன்றாவது தொகை. வெறும் '20000' என்று எண்ணில் எழுதினால் முன்னால் ஓர் ஒன்றைச் சேர்க்கலாம், பின்னால் ஒரு சுழியையும் சேர்க்கலாம். 'ரூ.' என்ற எழுத்தை எண்ணோடு ஒட்டி எழுதுங்கள், முடிவில் '/-' என்று அடையுங்கள். எழுத்தாலும் எழுதுங்கள். அதில் நம் தமிழுக்கே உரிய ஒரு கவனம் தேவை. 'ஐந்தாயிரம் ரூபாய்' என்று வரியின் தொடக்கத்தில் இடம் விட்டு எழுதினால், முன்னால் 'இருபத்து' என்று சேர்த்தால் போதும், இருபத்தைந்தாயிரம் ஆகிவிடும். தமிழில் பெரிய எண் முன்னால்தான் வரும். அதனால் 'ரூபாய் ஐந்தாயிரம் மட்டும்' என்று, ரூபாய் என்ற சொல்லை முன்னால் வைத்து, நெருக்கமாக எழுதுங்கள். முன்னால் 'ரூபாய்' பூட்டு, பின்னால் 'மட்டும்' பூட்டு.

நான்காவது 'மீதி'. எந்தக் கணக்கின் மீதி, எவ்வளவு மீதி? இங்கே பலர் செய்கிற ஒரு தவறு உண்டு. 'ரூ.20,000 போக பாக்கி ரூ.15,000' என்று எழுதுவார்கள். படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் மொத்தம் எவ்வளவு இருந்தது என்று அதில் இல்லை. பதினைந்தை ஐம்பத்தைந்து என்று ஒருவர் திருத்தினால் அந்தத் தாள் அதைக் காட்டிக்கொடுக்காது. எனவே எப்போதும் மூன்று எண்கள் வேண்டும்: இன்றைக்கு முன் பாக்கி, இன்றைய வரவு, இனி உள்ள பாக்கி. 35,000, 20,000, 15,000. ஒன்றில் மட்டும் கைவைத்தால் கழித்தல் கணக்கு உதைக்கும். சிறு பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும்.

கடைசியாகத் தேதி. '10/8' என்றால் எந்த வருடம்? இப்போது தெரியும், நான்கு வருடம் கழித்துத் தெரியாது. தேதி, மாதம், வருடம், கிழமை, இடம் என்று எழுதுங்கள். கிழமை எதற்கு என்றால், பின்னால் ஒருவர் தேதியைத் திருத்தினால் கிழமை பொருந்தாது.

திருத்தி எழுதிய ரசீதை இப்போது வாசிக்கிறோம். அடைப்புக்குள் இருப்பதை உங்கள் விவரப்படி நிரப்பிக்கொள்ளுங்கள்.

ரசீது (இரண்டு பிரதிகள்)

இடம்: தென்காசி. தேதி: 10.08.2024, சனிக்கிழமை.

தென்காசி (தெரு) முகவரியில் வசிக்கும் (தந்தை பெயர்) மகன் (கடை உரிமையாளர் பெயர்) ஆகிய நான், குற்றாலம் ஐந்தருவி சாலையில் உள்ள எனது (கதவு எண்) கடையை வாடகைக்கு நடத்திவரும் (தந்தை பெயர்) மகன் (வாடகைதாரர் பெயர்) அவர்களின் பணம் ரூ.20,000/-, ரூபாய் இருபதாயிரம் மட்டும், அவருடைய தம்பி (பெயர்) கையால் கொண்டுவந்து கொடுக்க, இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.

இத்தொகை மேற்படி கடைக்கு எனக்கு வரவேண்டிய 2024 ஏப்ரல், மே, ஜூன், ஜூலை ஆகிய நான்கு மாத வாடகைக்கு, மாதம் ரூ.5,000/- வீதம், முழுவதும் வரவு வைக்கப்பட்டது. 2024 ஜூலை மாதம் முடிய வாடகை பாக்கி இல்லை.

இன்றைய வரவுக்கு முன் பாக்கி: வாடகை ரூ.20,000/-, 2024 ஜனவரியில் கொடுத்த கைமாற்று ரூ.15,000/-, மொத்தம் ரூ.35,000/-.
இன்றைய வரவு: ரூ.20,000/-.
இனி உள்ள பாக்கி: மேற்படி கைமாற்று ரூ.15,000/-, ரூபாய் பதினைந்தாயிரம் மட்டும்.

2024 ஆகஸ்டு மாத வாடகையும், கடைக்கு முன்பு கொடுத்துள்ள அட்வான்ஸ் ரூ.10,000/-உம் இக்கணக்கில் சேரவில்லை. இவை தவிர இன்றைய தேதியில் எங்களுக்குள் வேறு பாக்கி இல்லை.

பெற்றுக்கொண்டவர் கையெழுத்து:

மேற்கண்ட பாக்கி ரூ.15,000/- நான் கொடுக்க வேண்டியது சரி.
கொடுத்தவர் கையெழுத்து, தேதி:

சாட்சிகள்: 1. 2.

வாசித்தாகிவிட்டது. இதில் இரண்டு கையெழுத்து எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பணம் வாங்கினவர்தானே ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும்?

இங்கேதான் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வழிகாட்டல் உதவுகிறது. அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அது பேசுவது கடனை எழுதிவைப்பதைப் பற்றி. தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ளச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது, தொகை சிறியது என்று சோம்பல் படாதிருக்கச் சொல்கிறது. எழுதும்போது வாசகத்தை யார் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கடன் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு அது முடியாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். அதாவது, எழுத்து யாரைக் கட்டுப்படுத்துமோ அவர் வாயிலிருந்தே அது வர வேண்டும்.

நம் ரசீதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 'இருபதாயிரம் வந்தது, வாடகை தீர்ந்தது' என்பது வாங்கினவரைக் கட்டுப்படுத்துகிறது. நாளைக்கு அவர், அல்லது அவருடைய வாரிசு, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அது அவருடைய கையெழுத்தில் இருக்க வேண்டும். 'இன்னும் பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டும்' என்பது கொடுத்தவரைக் கட்டுப்படுத்துகிறது. அது அவருடைய கையெழுத்தில் இருக்க வேண்டும். வாங்கினவர் மட்டும் கையெழுத்திட்டு 'பாக்கி ஐம்பதாயிரம்' என்று எழுதிவைத்தால், கொடுத்தவர் அதை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இதனால் வாங்க வேண்டியவருக்கும் ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி பொதுவாக மூன்று வருடம்தான் அவகாசம். அந்த மூன்று வருடம் முடிவதற்குள், கொடுக்க வேண்டியவர் 'இவ்வளவு பாக்கி' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கணக்காகும். முடிந்த பிறகு போடுகிற கையெழுத்துக்கு இந்தப் பலன் கிடையாது. நகையை விற்றோ, பீடி சுற்றிச் சேர்த்தோ உறவினருக்குக் கைமாற்று கொடுத்துவிட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு இருக்கிற தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறு தொகை வரவாகும் ஒவ்வொரு தடவையும் பாக்கிக்குக் கொடுக்கிறவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

நம் சீட்டுக் கதையில் பணத்தைக் கொண்டுவந்தவர் தம்பி. அண்ணன் பாக்கிக்கு அவர் கையெழுத்துப் போடக் கூடாது. கொண்டுவந்தவர் என்று மட்டும் சாட்சியாகப் போடலாம். இரண்டு பிரதியும் அண்ணனிடம் போய், அவர் படித்துக் கையெழுத்திட்டு ஒரு பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சரி, அதற்குள் கணக்கில் தவறு இருந்தால்? அப்போதே தெரிந்துவிடும். இருவரும் உயிரோடும் நல்ல மனதோடும் இருக்கிற நாளில் தவறு தெரிவதுதான் நல்லது.

ரெவின்யூ ஸ்டாம்ப் பற்றிப் பலருக்குச் சந்தேகம். ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வாங்கினவர் அதன் மேல் பாதி, தாளில் பாதியாகக் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் அதை உரித்து வேறு தாளில் ஒட்ட முடியாது. இரண்டு பிரதியிலும் ஒட்டிவிடுங்கள். ஒட்ட மறந்துபோனால் ரசீது குப்பையாகிவிடாது. வாங்கினவருக்கு எதிராக அதைக் காட்ட வேண்டி வந்தால், கொண்டுவருகிறவர் ஒரு ரூபாய் அபராதம் கட்டி அதைச் சான்றாக வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். அந்தப் பெரியவரின் சீட்டில் ஸ்டாம்ப் இருந்திருந்தாலும் 'எதற்காக' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்காது.

ரசீதால் சரி செய்ய முடியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கடனாகவோ, வீடு மனை வாங்கும் முன்பணமாகவோ இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அந்த அளவுள்ள கடனை ரொக்கமாகத் திருப்பிக் கொடுப்பதற்கும் தடை உண்டு. எந்தக் காரணத்துக்காக ஆனாலும் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் கூடாது. அப்படிப்பட்ட தொகைகளை வங்கி வழியாக அனுப்புங்கள். எவ்வளவு அழகாக எழுதினாலும் ரசீது அந்தத் தவறை மறைக்காது, வெளிச்சம் போட்டுத்தான் காட்டும். வங்கியில் அனுப்பினாலும் 'எதற்காக' என்று எழுதிய ஒரு தாள் வேண்டும். வங்கிக் கணக்கு தொகையைச் சொல்லும், நோக்கத்தைச் சொல்லாது.

எழுதத் தெரியாதவர்கள் விஷயத்திலும் அதே ஒழுங்குதான். வேறொருவர் எழுதினால், 'எழுதியவர்' என்று அவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு இரு தரப்பும் அல்லாத ஒருவர் முழுவதையும் படித்துக் காட்டி, 'படித்துக் காட்ட, சரியென்று ஒப்புக்கொண்டு இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தது' என்று எழுதி, இன்னார் ரேகை என்பதைப் பக்கத்தில் குறித்துச் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளில் ரேகையோ கையெழுத்தோ யார் கேட்டாலும், உறவானாலும், கொடுக்காதீர்கள்.

எழுதும்போது பிழை வந்தால் மேலே மேலே எழுதாதீர்கள். ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இருவரும் சுருக்கொப்பமிடுங்கள். தொகையில் பிழை வந்தால் தாளையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். வரிகளுக்கு இடையிலும், கையெழுத்துக்கு மேலேயும் வெற்றிடம் இருந்தால் குறுக்குக் கோடு போடுங்கள். எழுதி முடித்ததும் இருவரும் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, அன்றே ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். தாள் தொலைந்தாலும், கரையான் அரித்தாலும், அன்றைய தேதியோடு ஒரு நகல் இரண்டு பக்கமும் இருக்கும்.

இத்தனையும் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். முதல் ரசீது மட்டும் இப்படி முழுதாக இருந்தால் போதும். அதற்குப் பின் ஒரு நோட்டில் ஒரு வரி போதும். இந்தக் கடைக்காரர் செப்டம்பரில் மூவாயிரம் கொடுத்திருந்தால் இப்படி எழுதலாம்: '10.08.2024 ரசீதில் கண்ட கைமாற்றுக்கு முன் பாக்கி ரூ.15,000/-, இன்றைய வரவு ரூ.3,000/-, ரூபாய் மூவாயிரம் மட்டும், இனி பாக்கி ரூ.12,000/-.' தேதி, இரண்டு பெயர், இரண்டு கையெழுத்து. இரண்டு நிமிட வேலை.

கடைசித் தவணையில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: 'இன்றோடு மேற்படி கைமாற்று முழுவதும் தீர்ந்தது. இந்த இனத்தில் பாக்கி இல்லை.' வெறுமனே 'கணக்குத் தீர்ந்தது' என்று எழுதாதீர்கள். வாடகைக் கணக்கும் சேர்ந்து தீர்ந்துவிட்டதாக அர்த்தம் வந்துவிடும், அது வாங்கினவருக்கு அநியாயம். கடனுக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தால், இடையில் கட்டிய ஒவ்வொரு தொகையையும் அதன் பின்பக்கத்தில் வரவு வைக்கச் சொல்லுங்கள். கடைசிப் பணம் கொடுக்கும்போதே புரோநோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அது அந்த நேரத்தில் கைக்குக் கிடைக்கவில்லை என்றால், 'இன்ன தேதியிட்ட புரோநோட்டுக் கடன் முழுவதும் தீர்ந்தது, அந்த நோட்டு இனிச் செல்லாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். புரோநோட்டு அவரிடம் இருக்க, தேதி குறிப்பிடாத ரசீது உங்களிடம் இருந்தால், அது வேறு கடனுக்கான ரசீது என்று சொல்ல இடம் இருக்கிறது.

நெருங்கியவர்களிடம் எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார்களே என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் கடைக்காரரும் அப்படித்தான் சொன்னார்: "மாமாகிட்ட போய் இதை மாத்தி எழுதிக் குடுங்கன்னு எப்படிக் கேக்குறது?" உண்மையில் மாமா உயிரோடு இருந்தவரை அவருக்கு அந்தத் தாளே தேவைப்படவில்லை. தாளைப் படிக்க நேர்ந்தது மாமாவின் பிள்ளைகளுக்கு. சொத்தைப் பங்கிடுவதற்கு முன் மய்யித்தின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். அதேபோல் அவருக்கு வரவேண்டியது எவ்வளவு என்று தெரியாமல் பங்கும் பிரிக்க முடியாது. இரண்டையும் அந்தப் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்? அந்தத் தாளில்தான்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியில் இருக்கும் பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். யார் பணம், எவ்வளவு, எதற்காக, இனி எவ்வளவு என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு தாளிடமும் கேளுங்கள். எந்தத் தாள் பதில் சொல்லவில்லையோ, அதற்குரிய மனிதர் இருக்கும்போதே போய், இன்றைய தேதியிட்டு, 'முன்பு கொடுத்த சீட்டின் விவரம் இது' என்று இருவருமாகச் சேர்ந்து புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டையும் அதோடு இணைத்து வையுங்கள், கிழித்துவிடாதீர்கள். எழுதத் துணை வேண்டுமென்றால் இரு தரப்பும் சேர்ந்து வாருங்கள், இன்ஷா அல்லாஹ் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

வஸ்ஸலாம்.